கடைசி இருபது சதவீதம் ஏன் சீக்கிரம் கரைகிறது?

பழைய குண்டு பல்பு டார்ச் ஒரு விஷயத்தில் நேர்மையானது. உள்ளே இருக்கும் கட்டை தளரத் தளர வெளிச்சமும் மங்கி, மஞ்சளாகி, கடைசியில் நூல் மட்டும் சிவந்து நிற்கும். கட்டை மாற்ற வேண்டும் என்று அதுவே சொல்லிவிடும். கைபேசி அப்படிச் சொல்லாது. நூறு சதவீதத்தில் திரை எவ்வளவு பளிச்சென்று இருந்ததோ, ஐந்து சதவீதத்திலும் அதே பளிச்சுதான். சத்தம் குறையாது, வீடியோ திணறாது. ஓடிக்கொண்டே இருக்கும், திடீரென்று அணைந்துவிடும்.

பேட்டரி தளராமல் இருப்பதால் இப்படி நடக்கவில்லை. உள்ளே தளர்ச்சி நடந்துகொண்டேதான் இருக்கிறது. முழு சார்ஜில் 4.3 வோல்ட்டுக்கு மேல் காட்டும் லித்தியம் அயான் செல், தீரப்போகும் நேரத்தில் 3.4 வோல்ட்டுக்கு வந்திருக்கும். அதை நம் கண்ணுக்குத் தெரியாமல் மறைப்பது, பழுது பார்ப்பவர்கள் ‘பவர் ஐசி’ என்று சொல்லும் சில்லு. மறைப்பதற்கான விலையைப் பேட்டரியிடமிருந்தே அது வாங்கிக்கொள்கிறது.

செயலிக்கு நேரடியாக நான்கு வோல்ட் கொடுத்தால் கருகிவிடும். அதன் மையப் பகுதி ஏறத்தாழ 0.8 வோல்ட்டில் ஓடுவது. பவர் ஐசிக்குள் இருக்கும் மாற்றிகள் பேட்டரி அழுத்தத்தை ஒரு நொடியில் லட்சக்கணக்கான தடவை வெட்டி, சுருளில் சேமித்து, தேவையான அளவுக்கு இறக்கித் தருகின்றன. திரைக்கு வேண்டிய உயர் அழுத்தத்தையும் இதே போன்ற மாற்றிகள்தான் ஏற்றித் தருகின்றன. இவற்றின் சிறப்பு என்னவென்றால், உள்ளே போகும் மின்திறனும் வெளியே வரும் மின்திறனும், சிறு சேதாரம் போக, சமமாக இருக்கும். செயலி 0.8 வோல்ட்டில் 1 ஆம்பியர் கேட்கிறது என்றால் அது 0.8 வாட். பத்து சதவீதம் சேதாரம் என்று வைத்தால் பேட்டரி தரவேண்டியது சுமார் 0.89 வாட். பேட்டரி 4.2 வோல்ட்டில் இருந்தால் அதற்கு 0.21 ஆம்பியர் போதும். பேட்டரி 3.4 வோல்ட்டுக்கு இறங்கிவிட்டால் 0.26 ஆம்பியர் வேண்டும். செயலி செய்யும் வேலை கொஞ்சமும் கூடவில்லை. பேட்டரியிலிருந்து உறிஞ்சும் மின்னோட்டம் மட்டும் கால் பங்கு அளவுக்குக் கூடிவிட்டது.

டார்ச்சில் அழுத்தம் குறைந்தால் மின்னோட்டமும் குறையும். கைபேசியில் அழுத்தம் குறைந்தால் மின்னோட்டம் கூடும். பேட்டரியைச் சோதிக்கிறவர்கள் கவனித்தே ஆகவேண்டிய முரண் இது.

பேட்டரி சோதனைக்கூடத்து மேஜையில் ‘எலக்ட்ரானிக் லோட்’ என்ற பெட்டி ஒன்று இருக்கும். பேட்டரியிலிருந்து மின்சாரத்தை வாங்கிச் சூடாக வெளியே தள்ளுவதுதான் அதன் வேலை. எப்படி வாங்குவது என்பதை நாம் தேர்ந்தெடுக்கலாம். முகப்பில் CC என்ற பொத்தானை அழுத்தினால், அழுத்தம் எப்படி இறங்கினாலும் ஒரே மின்னோட்டத்தை இழுக்கும். CP என்பதை அழுத்தினால், ஒரே மின்திறனை இழுக்கும். அதாவது ஒவ்வொரு கணமும் பேட்டரியின் அழுத்தத்தை அளந்து, வேண்டிய வாட்டை அதனால் வகுத்து, மின்னோட்டத்தை அதற்கேற்ப ஏற்றிக்கொண்டே போகும். கைபேசிக்குள் பவர் ஐசி செய்வதை இந்தப் பெட்டி வெளியே செய்து காட்டுகிறது.

இணைப்பு கொடுப்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. மின்னோட்டம் போகத் தடித்த கம்பிகள் இரண்டு, அழுத்தத்தை அளக்க மெல்லிய கம்பிகள் இரண்டு, ஆக நான்கு கம்பிகள் பேட்டரியின் தகடு வரைக்கும் தனித்தனியே போகவேண்டும். சோம்பல்பட்டு இரண்டே கம்பியில் முடித்தால், கம்பியில் விழும் அழுத்தமும் பேட்டரியின் கணக்கில் ஏறிவிடும். CC சோதனையில் இதனால் வரும் பிழை சின்னது. CP சோதனையில் பெட்டி தவறான அழுத்தத்தைப் பார்த்து, தேவைக்கு மேல் மின்னோட்டத்தை இழுக்க ஆரம்பித்துவிடும். எந்த அழுத்தத்தில் நிறுத்தவேண்டும் என்ற வரம்பையும் தொடங்குவதற்கு முன்பே போட்டுவிட வேண்டும். CP சோதனை தானாக அடங்காது. செல் காலியாகக் காலியாக இன்னும் வேகமாக இழுக்கும்.

பேட்டரியின் மேல் அச்சாகும் எம்.ஏ.எச். எண் பிறப்பது CC சோதனையில்தான். ஐஇசி 61960 என்ற சர்வதேசத் தரநிலை, 20 டிகிரிக்கு அருகே, ஐந்து மணி நேரத்தில் தீரும் கணக்கில் ஒரே மின்னோட்டத்தை இழுத்து அளக்கச் சொல்கிறது. 4000 எம்.ஏ.எச். பேட்டரி என்றால் 0.8 ஆம்பியர். எத்தனை மணி நேரம் ஓடியதோ அதை மின்னோட்டத்தால் பெருக்கினால் எண் கிடைத்துவிடும். இந்த எண் தவறானது அல்ல. அது எண்ணுவது மின்னூட்டத்தை, ஆற்றலை அல்ல.

ஒருவர் கையில் நூறு நோட்டுகள் இருக்கின்றன என்று மட்டும் சொல்லி, அவை பத்து ரூபாய் நோட்டா, ஐம்பது ரூபாய் நோட்டா என்று சொல்லாமல் விட்டால் எப்படி இருக்கும்? எம்.ஏ.எச். என்பது நோட்டுகளின் எண்ணிக்கை. ஒவ்வொரு நோட்டின் மதிப்பும் வோல்ட். இந்தக் கட்டில் மேலே இருக்கும் நோட்டுகளுக்கு மதிப்பு அதிகம், அடியில் போகப்போகக் குறைவு. கைபேசி கேட்பதோ நிமிடத்துக்கு இத்தனை ரூபாய் என்ற நிலையான வாடகை. அடிக்கட்டுக்கு வரும்போது அதே வாடகைக்கு அதிக நோட்டு எண்ணிக் கொடுக்கவேண்டி வரும்.

ஒரு பேட்டரியை எடுத்துக் கணக்குப் போட்டே பார்க்கலாம். 4000 எம்.ஏ.எச். செல்லை 800, 800 எம்.ஏ.எச். ஆக ஐந்து பங்காகப் பிரிப்போம். முதல் பங்கு சராசரி 4.2 வோல்ட்டில் வெளியே வருகிறது, இரண்டாவது 4.0, மூன்றாவது 3.85, நான்காவது 3.75, கடைசிப் பங்கு 3.6 வோல்ட்டில். இன்றைய கைபேசி செல்களின் சரிவு ஏறத்தாழ இப்படித்தான் இருக்கும்.

CC சோதனையில் 0.5 ஆம்பியரில் இழுத்தால் ஒவ்வொரு பங்கும் 96 நிமிடம், மொத்தம் எட்டு மணி நேரம். ஐந்தும் அச்சில் வார்த்ததுபோல ஒரே அளவு. அதே செல்லை CP சோதனையில் 2 வாட்டுக்கு வைத்தால் முதல் பங்கு சுமார் 101 நிமிடம் வரும். நடுப்பங்கு 92 நிமிடம். கடைசிப் பங்கு 86 நிமிடம்தான். மொத்தம் ஏழே முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட.

மொத்தத்தில் கால் மணி நேரம் குறைந்ததைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். CC சோதனையின் சராசரித் திறன் 2 வாட்டுக்குச் சற்றுக் கீழே இருந்ததால் வந்த வித்தியாசம் அது. கவனிக்க வேண்டியது பங்கீடு. மேலே இருந்த இருபது சதவீதத்துக்கும் கீழே இருக்கும் இருபது சதவீதத்துக்கும் இடையே பதினைந்து நிமிடம் காணாமல் போயிருக்கிறது. ‘இருபதுக்குக் கீழே வந்துட்டா சர்ருன்னு இறங்குது’ என்று பலரும் அலுத்துக்கொள்வதில் ஒரு பகுதி மனப்பிரமையாக இருக்கலாம், இன்னொரு பகுதி இந்தக் கணக்கு. CC சோதனை மட்டும் செய்தவருக்கு அது தெரியவே தெரியாது.

மூலையில் தெரியும் சதவீதம் எப்படி வருகிறது என்பதும் இதோடு சேர்ந்த கதை. பேட்டரியின் வழியில் மிகச்சிறிய மின்தடை ஒன்றை வைத்து, அதன் வழியே போகும் மின்னோட்டத்தை ஓயாமல் கூட்டிக்கொண்டிருக்கும் ஒரு சில்லு இருக்கிறது. வண்டியின் பெட்ரோல் முள்ளுக்கு உரிய பெயரையே அதற்கும் வைத்திருக்கிறார்கள், ‘ஃப்யூயல் காஜ்’. அடிப்படையில் அது நோட்டுகளைத்தான் எண்ணுகிறது. நல்ல சில்லுகள் அதோடு நிற்பதில்லை. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் இவ்வகைச் சில்லுகள் பலவற்றில் ‘லோட் மோட்’ என்றே ஓர் அமைப்பு உண்டு. சுழியம் போட்டால் ‘இந்தக் கருவி நிலையான மின்னோட்டம் இழுக்கும்’ என்று எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கணிக்கும். ஒன்று போட்டால் ‘நிலையான மின்திறன் இழுக்கும்’ என்று எடுத்துக்கொள்ளும். மாற்றிகள் வழியே ஓடும் கருவிக்குச் சுழியத்தைப் போட்டு அனுப்பினால், முடிவில் கூடப்போகும் மின்னோட்டத்தையும் அதனால் முன்கூட்டியே எட்டப்போகும் அணையும் அழுத்தத்தையும் அது கணக்கில் கொள்ளாது. இன்னும் மிச்சம் இருக்கிறது என்று காட்டிக்கொண்டே இருந்துவிட்டு, கடைசியில் பல படிகளை ஒரே தாவாகத் தாண்டும்.

இதுவரை பார்த்தது நிதானமான ஓட்டம். உண்மையான சிக்கல் உச்சச் சுமையில்தான் இருக்கிறது. கேமராவைத் திறக்கும் அந்த ஒரு நொடியில், செயலி முழு வேகத்துக்குப் போகும்போது, கைபேசியின் தேவை சட்டென்று பல மடங்கு எகிறும். அப்போது பேட்டரியின் உள்மின்தடை குறுக்கே வருகிறது. எந்தப் பேட்டரிக்கும் உள்ளே ஒரு தடை உண்டு, இழுக்கும் மின்னோட்டத்துக்கு ஏற்ப அதில் கொஞ்சம் அழுத்தம் விழுந்துவிடும். பேட்டரி பழசானால் இந்தத் தடை கூடும். குளிரில் இன்னும் கூடும்.

இப்படி ஒரு நிலைமையை நினைத்துப் பாருங்கள். பழைய பேட்டரி, சார்ஜ் தாழ்ந்து சும்மா இருக்கும்போது 3.6 வோல்ட். உள்மின்தடை 0.25 ஓம். கைபேசி 3.0 வோல்ட்டுக்குக் கீழே போனால் அணைந்துவிடும். உச்சத் தேவை 8 வாட்.

CC முறையில் சோதிப்பவர் 8 வாட்டை 3.85 என்ற பெயரளவு வோல்ட்டால் வகுத்து, 2.08 ஆம்பியர் என்று வைப்பார். உள்ளே 0.52 வோல்ட் விழும், மிச்சம் 3.08 வோல்ட். பேட்டரி தேறிவிட்டது என்று குறித்துக்கொள்வார்.

கைபேசிக்குள் நடப்பது வேறு. 3.6 வோல்ட்டில் 8 வாட்டுக்கு 2.22 ஆம்பியர் வேண்டும். அதை இழுத்ததும் அழுத்தம் 3.04 ஆகிறது. இப்போது 8 வாட்டுக்கு 2.22 போதாது, 2.63 ஆம்பியர் வேண்டும். அதை இழுத்தால் அழுத்தம் 2.94. அதற்கு 2.72 ஆம்பியர். அழுத்தம் 2.92. இப்படிச் சறுக்கிச் சறுக்கி 2.91 வோல்ட், 2.75 ஆம்பியர் என்ற இடத்தில் வந்து நிற்கிறது. மூன்றுக்குக் கீழே. போன் அணைந்துவிட்டது. சோதனைத்தாள் தேறியதாகச் சொன்ன அதே பேட்டரி, அதே நாள், அதே சார்ஜ்.

இந்தச் சறுக்கலுக்கு ஓர் எல்லையும் உண்டு. இதே பேட்டரியிடம் 13 வாட்டுக்கு மேல் கேட்டால் சறுக்கல் எங்கேயும் நிற்காது. எவ்வளவு மின்னோட்டம் இழுத்தாலும் அத்தனை வாட் கிடைக்காது, அழுத்தம் சரிந்துகொண்டே போகும். CC சோதனையில் இப்படி ஒரு பாதாளம் இருப்பதே தெரியாது. அங்கே அழுத்தம் ஒருமுறை விழும், அதோடு நின்றுவிடும். புதுப் பேட்டரியில் உள்மின்தடை 0.1 ஓம் என்றால், இதே 8 வாட் கேட்டாலும் 3.36 வோல்ட்டில் சுகமாக நிற்கும். புதுசில் தெரியாத குறை பழசில் தெரிவது இதனால்தான்.

இதற்கு உலகமே பார்த்த ஓர் உதாரணம் உண்டு. 2016இல் ஐபோன் 6, 6எஸ் வைத்திருந்தவர்கள் பலர், சார்ஜ் கணிசமாக மிச்சம் இருக்கும்போதே போன் அணைந்துவிடுகிறது என்று புகார் சொன்னார்கள். 2017 ஜனவரியில் ஆப்பிள் ஐஓஎஸ் 10.2.1 என்ற புதுப்பிப்பை வெளியிட்டது. அணைவது குறைந்தது. ஆனால் பழைய பேட்டரி உள்ள போன்கள் மெதுவாகிவிட்டன. அந்த ஆண்டு டிசம்பரில், கீக்பெஞ்ச் வேகச் சோதனை எண்கள் இதைக் காட்டிக்கொடுத்த பிறகு, பழைய பேட்டரியாலும் குளிரிலும் குறைந்த சார்ஜிலும் உச்சத் தேவையைத் தாங்க முடியாததால் வேகத்தின் உச்சத்தைத் தட்டி வைப்பதாக நிறுவனம் ஒப்புக்கொண்டது. சொல்லாமல் செய்ததற்காக வாங்கிய வசவு நியாயமானதே. செய்த வேலை மட்டும் மேலே உள்ள கணக்கின்படி சரி. நம் உதாரணப் பேட்டரியில் உச்சத்தை 8 வாட்டிலிருந்து 6 வாட்டுக்கு இறக்கிப் பாருங்கள். அழுத்தம் 3.12 வோல்ட்டில் நின்றுவிடும், போன் அணையாது. இரண்டு வாட் விட்டுக்கொடுத்தால் 0.2 வோல்ட் திரும்பக் கிடைக்கிறது. 2018 மார்ச்சில் வந்த ஐஓஎஸ் 11.3இல் பேட்டரியின் ஆரோக்கியத்தைக் காட்டும் பக்கமும், இந்தக் கட்டுப்பாட்டை நிறுத்தும் வசதியும் வந்தன.

அப்படியானால் CC சோதனையைத் தூக்கிப் போட்டுவிடலாமா என்றால், கூடாது. ஒரு செல்லுக்குள் லித்தியம் எவ்வளவு இன்னும் உயிரோடு ஓடிக்கொண்டிருக்கிறது, ஐந்நூறு சுற்றுக்குப் பிறகு எவ்வளவு செத்தது என்று அறிய மின்னூட்டத்தை எண்ணுவதே சரியான வழி. வேதியியலாருக்கு அது வேண்டும். முன்பு பட்டன் போன்களில் அழுத்தத்தை இறக்க எளிய நேரியல் சீராக்கிகளே பெரும்பாலும் இருந்தன. உள்ளே வரும் மின்னோட்டம் அப்படியே வெளியே போகும், மிஞ்சும் அழுத்தம் சூடாகிவிடும். அத்தகைய கருவிக்கு CC சோதனை நன்றாகவே பொருந்தியது. இன்றைக்கும் போனுக்குள் சில சிறு பகுதிகள் அவ்வாறே ஓடுகின்றன. தவிர, எந்தக் கைபேசியும் இரண்டு வாட்டில் ஆடாமல் அசையாமல் நிற்பதில்லை. பையில் கிடக்கும்போது ஒரு வாட்டில் சிறு பின்னம், விளையாட்டில் பல வாட். ஆகவே நல்ல CP சோதனை என்பதே ஒரே கோடாக இல்லாமல், தாழ்ந்த திறனும் இடையிடையே குத்தலான உச்சங்களும் கலந்த ஓட்டமாக இருக்கவேண்டும். அந்தக் குத்தல்களைச் சராசரியில் கரைத்துவிட்டால், 6எஸ் விவகாரம் போன்றது மறுபடியும் சோதனைத்தாளுக்கு வெளியேதான் நடக்கும்.

உங்கள் போனிலேயே இதைப் பார்க்கலாம். ஆண்ட்ராய்டில் பேட்டரியின் மில்லி ஆம்பியரையும் வோல்ட்டையும் காட்டும் இலவசச் செயலிகள் பல உண்டு. விமானப் பயன்முறையைப் போடுங்கள். தானியங்கி வெளிச்சத்தை அணைத்து, வெளிச்சத்தை ஓர் இடத்தில் நிறுத்துங்கள். போனிலேயே சேமித்து வைத்த வீடியோ ஒன்றைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, 90 சதவீதத்தில் ஒருமுறையும் 20 சதவீதத்தில் ஒருமுறையும் எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். மில்லி ஆம்பியர் துள்ளிக்கொண்டே இருக்கும், ஆகவே சில நிமிடச் சராசரி வேண்டும். இரண்டு எண்ணையும் பெருக்கினால் இரு இடத்திலும் வாட் ஏறத்தாழ ஒன்றாக வரும். மில்லி ஆம்பியர் மட்டும் கூடியிருக்கும். பதினைந்துக்குக் கீழே போய் அளக்க வேண்டாம். பல போன்கள் அங்கே சிக்கன முறைக்கு மாறி, வெளிச்சத்தையும் வேகத்தையும் குறைத்துக் கணக்கைக் கெடுத்துவிடும்.

கடையில் மாற்றுப் பேட்டரி வாங்கும்போதும் எம்.ஏ.எச். எண்ணோடு நிற்காதீர்கள். பக்கத்தில் வாட் மணி என்ற எண்ணும் அச்சாகியிருக்கும். சராசரி 3.88 வோல்ட்டில் வரும் 4000 எம்.ஏ.எச். செல்லும், 3.7 வோல்ட்டில் வரும் 4000 எம்.ஏ.எச். செல்லும் CC சோதனையில் சமம். 2 வாட் இழுக்கும் போனில் பின்னது 22 நிமிடம் முன்னதாகப் போய்விடும். சிலிக்கான் கலந்த புது வகைச் செல்கள் எம்.ஏ.எச். எண்ணை உயர்த்திக் காட்டும்போதும் இதையே பார்க்கவேண்டும். அவற்றின் மின்னூட்டத்தில் ஒரு பகுதி தாழ்ந்த வோல்ட்டில்தான் வெளியே வருகிறது, அவ்வளவு கீழே வரை இறங்கி ஓடும்படி போனை வடிவமைத்திருந்தால்தான் அது கைக்கு எட்டும். வாட் மணியை ஆம்பியர் மணியால் வகுத்துப் பாருங்கள். 4000 எம்.ஏ.எச்., 15.4 வாட் மணி என்றால் 3.85 வோல்ட். உங்கள் பழைய பேட்டரியில் 3.85 என்றும் புதிதாக வாங்குவதில் 3.7 என்றும் வந்தால் அதை அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பெயரளவு 3.7 வோல்ட் செல்கள் வழக்கமாக 4.2 வோல்ட்டோடு சார்ஜை நிறுத்தவேண்டியவை. உங்கள் போன் அதை 4.4 வோல்ட் வரை ஏற்றப் பார்க்கும்.